ரெண்டு ஃபண்ட் வச்சிருக்கீங்களா? வாங்குன ரிஸ்க்குக்கு எது ஒழுங்கா லாபம் குடுத்துச்சுன்னு மாசக்கணக்குல பாக்குற வழி

கையில ரெண்டு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு. போன ஒரு வருஷத்துல ஒண்ணு 18.6 சதவீதம் ஏறியிருக்கு, இன்னொண்ணு 12.6 சதவீதம் தான் ஏறியிருக்கு. எது நல்லா ஓடுச்சுன்னு கேட்டா யோசிக்காம முதல் ஃபண்டுன்னு தான் எல்லாரும் சொல்லுவோம். ஆனா அந்த 18.6 வர்றதுக்குள்ள அந்த ஃபண்ட் எத்தனை தடவை விழுந்து எழுந்துச்சு, அந்த ஆட்டத்தை நாம தாங்குனதுக்கு கிடைச்ச கூலி சரியானது தானா, இது அந்த 18.6ங்கிற நம்பர்ல எங்கயும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேணாம், மாசக் கடைசி விலை 13ம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இருந்தா போதும், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நான் செய்ற மாதிரியே ஒரு உதாரணத்தை முழுசா போட்டு காட்டுறேன், உங்க நம்பரை வச்சு பக்கத்துலயே போட்டுட்டு வாங்க.

உதாரணத்துக்கு எடுத்த ரெண்டும் கணக்கு புரியறதுக்காக நானே உருவாக்குன நம்பர், எந்த நிஜ ஃபண்டும் இல்ல. ஒண்ணுக்கு வேக ஃபண்ட்னும் இன்னொண்ணுக்கு நிதான ஃபண்ட்னும் பேர் வச்சுக்கலாம்.

முதல்ல சரியான விலையை எடுக்கணும்

பாதிப் பேருக்கு தப்பு நடக்குறது இங்க தான், அதனால இதுல கொஞ்சம் நிதானமா போவோம்.

நமக்கு வேண்டியது ஒரு யூனிட்டோட விலை, அதாவது என்ஏவி. ஸ்டேட்மெண்ட்ல "உங்க முதலீட்டோட இன்றைய மதிப்பு"ன்னு ஒரு மொத்தத் தொகை இருக்கும் பாருங்க, அதை எடுக்கக் கூடாது. ஏன்னா நடுவுல நீங்க பணம் போட்டிருப்பீங்க, இல்ல கொஞ்சம் எடுத்திருப்பீங்க. போன மாசக் கடைசில 5,000 இருந்துச்சு, இந்த மாசம் நீங்க 1,000 போட்டீங்க, இப்ப 6,200 இருக்குன்னா ஃபண்ட் 24 சதவீதம் ஏறல, அதுல பெரும்பகுதி உங்க பாக்கெட்லேர்ந்து போன பணம். மாசாமாசம் எஸ்ஐபி போடுறவங்க மொத்தத் தொகையை வச்சு கணக்கு போட்டா எல்லா மாசமும் லாபம் மாதிரியே தெரியும். யூனிட் விலைல இந்தக் குழப்பம் கிடையாது, நீங்க பணம் போட்டாலும் எடுத்தாலும் அது அசையாது.

அடுத்தது, ரெண்டு ஃபண்டுக்கும் ஒரே தேதி. மாசத்தோட கடைசி வேலை நாள்னு வச்சுக்கிட்டா ரெண்டுக்குமே அதே நாள் தான். ஒண்ணுக்கு 28ஆம் தேதியும் இன்னொண்ணுக்கு 31ஆம் தேதியும் எடுத்தீங்கன்னா, நடுவுல ஒரு நாள் மார்க்கெட் பலமா விழுந்திருந்தா அந்த அடி ஒரு ஃபண்டுக்கு இந்த மாசமும் இன்னொண்ணுக்கு அடுத்த மாசமும் போய் உக்காந்துக்கும், அப்புறம் ஒப்பிடுறதுக்கே அர்த்தம் இல்ல.

மூணாவது தான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். லாபத்தைப் பிரிச்சு குடுக்குற டைப் ஃபண்டா இருந்தா, குடுத்த அன்னிக்கு அந்தத் தொகை அளவுக்கு யூனிட் விலை இறங்கிடும். நான் முதல் தடவை இந்தக் கணக்கு போட்டப்ப என்கிட்ட இருந்த ஒண்ணு இந்த டைப்னு கவனிக்காமலே போட்டுட்டேன், ரெண்டு மாசம் பெரிய நஷ்டம்னு காட்டுச்சு, அந்த ஃபண்டை வித்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன், அப்புறம் பேங்க் கணக்குல வந்த பணத்தைப் பாத்த பிறகு தான் விஷயம் புரிஞ்சுது. லாபத்தைப் பிரிக்காம உள்ளயே வச்சுக்குற க்ரோத் டைப்போட விலை கிடைச்சா அதை எடுங்க. கிடைக்கலன்னா பணம் குடுத்த மாசத்துக்கு மட்டும் மாசக் கடைசி விலையோட அந்தத் தொகையைக் கூட்டிட்டு, அதை போன மாச விலையால வகுக்கணும். கீழ வர்ற நிதான ஃபண்ட் 7ஆம் மாசக் கடைசில 127.29, 8ஆம் மாசக் கடைசில 128.57, அதாவது 1 சதவீதம் ஏத்தம். இதே ஃபண்ட் அந்த மாசம் யூனிட்டுக்கு 5 பிரிச்சு குடுத்திருந்தா விலை 123.57 கிட்ட நின்னிருக்கும், அப்படியே வகுத்தா 2.9 சதவீதம் நஷ்டம்னு காட்டும். யாரும் நஷ்டப்படல, ஆனா கணக்குல நஷ்டமும் வந்துடுச்சு, ஆட்டமும் கூடிடுச்சு.

இப்ப நம்ம விலைப் பட்டியல். 12 மாச ரிட்டர்ன் வேணும்னா 13 விலை வேணும், தொடக்க விலை ஒண்ணு கூடுதலா.

| மாசக் கடைசி | வேக ஃபண்ட் | நிதான ஃபண்ட் |
|---|---|---|
| தொடக்கம் | 50.00 | 120.00 |
| 1 | 52.00 | 122.40 |
| 2 | 50.44 | 121.18 |
| 3 | 52.96 | 123.60 |
| 4 | 54.02 | 124.84 |
| 5 | 51.86 | 123.59 |
| 6 | 54.97 | 127.29 |
| 7 | 53.87 | 127.29 |
| 8 | 55.49 | 128.57 |
| 9 | 58.26 | 131.14 |
| 10 | 55.35 | 129.83 |
| 11 | 57.56 | 132.42 |
| 12 | 59.29 | 135.07 |

ஒரு ஃபண்ட் விலை 50, இன்னொண்ணு 120ன்னு இருக்குறதுல எந்த அர்த்தமும் இல்ல, 50 விலை "சீப்"பும் கிடையாது. அது எந்தக் காலத்துல எந்த விலைல தொடங்குச்சுங்கிறதைப் பொறுத்தது, அவ்ளோ தான்.

விலையை மாச ரிட்டர்னா மாத்துறது

ஷீட்ல முதல் வரிசை தலைப்பு. A நெடுவரிசைல மாசம், B-ல வேக ஃபண்ட் விலை, C-ல நிதான ஃபண்ட் விலை. விலைங்க 2ஆவது வரிசைலேர்ந்து 14ஆவது வரிசை வரைக்கும் வரும். ரிட்டர்ன் 3ஆவது வரிசைல தான் தொடங்கும், ஏன்னா முதல் விலைக்கு முன்னாடி ஒப்பிட விலை இல்ல.

```
D3: =B3/B2-1
E3: =C3/C2-1
```

ரெண்டையும் 14ஆவது வரிசை வரைக்கும் கீழ இழுத்து விடுங்க. வேக ஃபண்டுக்கு வர்றது சதவீதத்துல இப்படி இருக்கும்: 4, -3, 5, 2, -4, 6, -2, 3, 5, -5, 4, 3. நிதான ஃபண்டுக்கு: 2, -1, 2, 1, -1, 3, 0, 1, 2, -1, 2, 2. விலையை ரெண்டு தசமத்தோட நிறுத்திட்டதால உங்க ஷீட்ல 3.993, 4.996ன்னு துளி வித்தியாசம் வரலாம், பரவாயில்ல.

இந்த ரெண்டு வரியையும் ஒரு நிமிஷம் சும்மா பாருங்க. எந்த மாசம் ஒண்ணு விழுந்துச்சோ பெரும்பாலும் அந்த மாசம் இன்னொண்ணும் விழுந்திருக்கு, ஆனா விழுந்த அளவு தான் வேற. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில இது திரும்ப வரும்.

சராசரி எடுத்தா வேக ஃபண்ட் மாசத்துக்கு 1.5 சதவீதம், நிதான ஃபண்ட் மாசத்துக்கு 1 சதவீதம்.

ஆட்டத்தை அளக்குறது

ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா ஸ்கூல்ல திட்டவிலக்கம்னு படிச்சோமே அதே தான். ஒவ்வொரு மாச ரிட்டர்னும் சராசரிலேர்ந்து பொதுவா எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு சொல்ற ஒரே நம்பர். ஷீட் ஒரு நொடில போட்டு குடுத்துடும், இருந்தாலும் ஒரு தடவை கையால போட்டுப் பாத்தா தான் அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு மனசுல நிக்கும். நிதான ஃபண்டுக்கு கையால போடுறது ஈஸி, ஏன்னா சராசரி சரியா 1.

ஒவ்வொரு மாசத்துலேர்ந்தும் 1 கழிச்சா 1, -2, 1, 0, -2, 2, -1, 0, 1, -2, 1, 1. இதை அப்படியே கூட்டுனா பூஜ்யம் தான் வரும், சராசரியோட குணமே அது. அதனால ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்றோம்: 1, 4, 1, 0, 4, 4, 1, 0, 1, 4, 1, 1. கூட்டுனா 22. இதை 12ஆல இல்ல, 11ஆல வகுக்கணும், ஏன்னா சராசரியையே இந்த 12 நம்பர்லேர்ந்து தான் எடுத்தோம், அதனால தள்ளி நிக்கிற தூரம் நிஜத்தை விட கொஞ்சம் கம்மியாத் தான் தெரியும், ஒண்ணு குறைச்சு வகுத்தா அது சரியாகிடும். 22ஐ 11ஆல வகுத்தா 2, அதோட வர்க்கமூலம் 1.41. அவ்ளோ தான். நிதான ஃபண்டோட மாச ஆட்டம் 1.41 சதவீதம்.

வேக ஃபண்டுக்கும் இதே மாதிரி போட்டா வர்க்கங்களோட கூட்டல் 167, 11ஆல வகுத்து மூலம் எடுத்தா 3.90. அதாவது நிதான ஃபண்டை விட ரெண்டே முக்கால் மடங்கு ஆட்டம். ரிட்டர்ன் எத்தனை மடங்கு? 1.5க்கு 1, ஒன்றரை மடங்கு தான். கதை இங்கயே தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

ஷீட்ல `STDEV.S` போடுங்க, அது தான் 11ஆல வகுக்கும். `STDEV.P` போட்டா 12ஆல வகுத்து 3.73ம் 1.35ம் குடுக்கும். எதைப் போட்டாலும் ரெண்டு ஃபண்டுக்கும் ஒண்ணையே போட்டா எது மேலங்கிறது மாறாது, ஒண்ணுக்கு இதும் இன்னொண்ணுக்கு அதும் போட்டா தான் வம்பு.

இங்க ஒரு தப்பு ரொம்ப சகஜமா நடக்குது, அதைச் சொல்லாம போக மனசு வரல. ரிட்டர்ன் நெடுவரிசையை விட்டுட்டு விலை நெடுவரிசையோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனை எடுத்துடுறாங்க. நம்ம பட்டியல்ல அப்படி எடுத்தா வேக ஃபண்டுக்கு 2.90, நிதான ஃபண்டுக்கு 4.59 வரும், அதாவது நிதானமானது தான் ஆட்டம் ஜாஸ்தின்னு தலைகீழா காட்டும். காரணம் ரெண்டு: 120 விலைல ஒரு சதவீதம்னா 1.20, 50 விலைல அது வெறும் 0.50. அதோட ஒரே சீரா ஏறிக்கிட்டே போற விலையைக் கூட இந்தக் கணக்கு "ஆட்டம்"னு தான் எண்ணும். உங்க விடை 0.01லேர்ந்து 0.10க்குள்ள ஒரு தசமமா வராம 2.9, 4.6ன்னு பெரிய நம்பரா வந்துச்சுன்னா முதல்ல நீங்க எந்த நெடுவரிசையை எடுத்தீங்கன்னு பாருங்க.

ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது

சும்மா இருந்தாலே ஒரு வட்டி கிடைக்கும், பாதுகாப்பான டெபாசிட்லயோ குறுகிய கால அரசாங்க டிரெஷரி பில்லிலயோ போட்டு வச்சா. அதுக்கு மேல கிடைச்சது தான் ஆட்டத்தைத் தாங்குனதுக்கான கூலி. அந்த உபரியை ஆட்டத்தால வகுத்தா ஒரு பங்கு ஆட்டத்துக்கு எவ்ளோ கூலின்னு வந்துடும். வில்லியம் ஷார்ப் 1966ல மியூச்சுவல் ஃபண்டுகளை ஒப்பிடுறதுக்காகவே இந்த அளவைக் கொண்டு வந்தாரு, அவர் வச்ச பேர் வேற, ஆனா எல்லாரும் ஷார்ப் ரேஷியோன்னே கூப்பிடப் போய் அதுவே நிலைச்சிடுச்சு. 1990ல பொருளாதார நோபல் வாங்குன மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

உதாரணத்துக்கு பாதுகாப்பான வட்டி வருஷம் 6 சதவீதம்னு வச்சுக்குவோம், மாசத்துக்கு 0.5. கூட்டுவட்டிப்படி துல்லியமா பாத்தா 0.487 வரும், இந்தக் கணக்குக்கு சும்மா 12ஆல வகுத்தாலே போதும், ரெண்டு ஃபண்டுக்கும் ஒரே நம்பர் தானே கழியுது. ஷீட்ல G1ல 0.005ன்னு போட்டுட்டு:

```
D16: =AVERAGE(D3:D14)
D17: =STDEV.S(D3:D14)
D18: =(D16-$G$1)/D17
```

இதையே E நெடுவரிசைக்கும் இழுத்து விடுங்க. வேக ஃபண்டுக்கு 1.5லேர்ந்து 0.5 போக 1.0, அதை 3.90ஆல வகுத்தா 0.26. நிதான ஃபண்டுக்கு 1.0லேர்ந்து 0.5 போக 0.5, அதை 1.41ஆல வகுத்தா 0.35. கம்மியா ஏறுன ஃபண்ட் தான் ஒவ்வொரு பங்கு ஆட்டத்துக்கும் அதிகக் கூலி குடுத்திருக்கு.

ஃபண்ட் கம்பெனி ஷீட்ல போடுற ஷார்ப் ரேஷியோ பெரும்பாலும் வருஷக் கணக்குல இருக்கும், நம்மளது மாசக் கணக்கு. மாத்தணும்னா 12ஓட வர்க்கமூலத்தால, அதாவது 3.46ஆல பெருக்குங்க: 0.89ம் 1.22ம் வரும். ரிட்டர்ன் 12 மடங்காகுது, ஆட்டம் வர்க்கமூலம் அளவுக்குத் தான் கூடுது, அதனால தான் இந்தப் பெருக்கல். மாச ரேஷியோவைக் கொண்டு போய் அவங்க போட்ட வருஷ ரேஷியோவோட ஒப்பிட்டு "நம்ம ஃபண்ட் இவ்ளோ மோசமா"ன்னு பயப்படாதீங்க.

0.26க்கும் 0.35க்கும் என்ன பெரிய வித்தியாசம், இதை வச்சு என்ன பண்றதுன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி, வெறும் ரேஷியோ எனக்கும் மனசுல ஒட்டாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு ஃபண்டோட ஆட்டத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு ரிட்டர்னைப் பாக்குறது. 1997ல ஃபிராங்கோ மோடிக்லியானியும் அவரோட பேத்தி லியா மோடிக்லியானியும் சேர்ந்து சொன்ன யோசனை இந்த வகை தான். வேக ஃபண்டோட ஆட்டம் 3.90, நமக்கு 1.41 வேணும், 1.41ஐ 3.90ஆல வகுத்தா 0.36. அப்போ நூறு பங்குல 36 பங்கை மட்டும் வேக ஃபண்ட்ல போட்டு மீதி 64 பங்கை டெபாசிட்ல வச்சா மொத்த ஆட்டம் நிதான ஃபண்ட் அளவுக்கே வந்துடும். அந்தக் கலவை மாசத்துக்கு எவ்ளோ குடுத்திருக்கும்? 1.5ல 36 சதவீதம், 0.5ல 64 சதவீதம், கூட்டுனா 0.86. நிதான ஃபண்ட் அதே ஆட்டத்துல 1.0 குடுத்துச்சு. ஆக ஒரே அளவு வயித்தெரிச்சலுக்கு மாசம் 0.14 சதவீதம் அதிகம். இப்ப இது கையில புடிச்சுப் பாக்குற மாதிரி ஒரு நம்பர்.

எந்த வட்டியைக் கழிக்கிறீங்கங்கிறது விடையையே மாத்தும்

நிறைய பேர் அந்த 0.5ஐ ஏனோதானோன்னு போடுவாங்க, சிலர் பூஜ்யமே போட்டுடுவாங்க. பூஜ்யம் போட்டா நிதான ஃபண்டு 0.71, வேக ஃபண்டு 0.38, இடைவெளி பெருசாத் தெரியும். மாசத்துக்கு 0.8, அதாவது வருஷம் 9.6 சதவீதம் போட்டா வேக ஃபண்ட் 0.18, நிதான ஃபண்ட் 0.14ன்னு வரிசையே திரும்பிடும். நம்ம உதாரணத்துல மாசம் 0.72 தான் திருப்புமுனை, அதுக்குக் கீழ நிதான ஃபண்ட் மேல, அதுக்கு மேல வேக ஃபண்ட் மேல. வட்டி கூடக் கூட கம்மி ரிட்டர்ன் குடுக்குற ஃபண்டோட உபரி தான் சீக்கிரம் கரையும், அதனால தான் இப்படி. அந்த 12 மாசத்துல உங்க நாட்டுல நிஜமா கிடைச்ச குறுகிய கால வட்டியைப் போடுங்க, இன்னைக்கு இருக்குற வட்டியைப் போடாதீங்க. G1ஐ கொஞ்சம் மேலயும் கீழயும் மாத்திப் பாத்து வரிசை திரும்புதான்னு கவனிங்க, லேசா அசைச்சாலே திரும்புனா ரெண்டு ஃபண்டும் கிட்டத்தட்ட சமம்னு எடுத்துக்கலாம்.

இன்னொரு விஷயம், உபரி நெகட்டிவா போச்சுன்னா இந்த ரேஷியோவை அப்படியே மூடி வச்சுடுங்க. மோசமான ஒரு வருஷத்துல ரெண்டு ஃபண்டும் டெபாசிட்டை விட மாசம் 0.5 சதவீதம் கம்மியா குடுத்துச்சுன்னு வைங்க. ஆட்டம் 1.41 இருக்குறதுக்கு -0.35 வரும், ஆட்டம் 3.90 இருக்குறதுக்கு -0.13 வரும். நம்பர்படி பாத்தா ரெண்டாவது தான் "மேல". ஒரே நஷ்டத்தை அதிக ஆட்டத்தோட குடுத்தது எப்படி மேல ஆகும்? வகுக்குற நம்பர் பெருசானா நெகட்டிவ் சின்னதாகுது, அவ்ளோ தான், அதுல வேற எந்தச் சேதியும் இல்ல. அப்போ ரிட்டர்னையும் ஆட்டத்தையும் தனித்தனியா பக்கத்துல வச்சுப் பாருங்க, இன்னும் நீளமான காலத்தை எடுங்க.

12 மாசம் போதுமா?

உள்ளதைச் சொன்னா, போதாது. கணக்கு பழக 12 மாசம் சரி, விக்கிறதுக்கும் வாங்குறதுக்கும் அதை நம்பக் கூடாது. ஏன்னு ஷீட்லயே பாத்துடலாம். 10ஆவது மாசத்தை ரெண்டு ஃபண்டுலேர்ந்தும் எடுத்துட்டு 11 மாசத்துக்கு மட்டும் திரும்பப் போடுங்க, வேக ஃபண்ட் 5 சதவீதம் விழுந்த மாசம் அது. இப்ப வேக ஃபண்ட் 0.26லேர்ந்து 0.46க்குத் தாவுது, நிதான ஃபண்ட் 0.35லேர்ந்து 0.51க்குப் போகுது. வரிசை மாறல, ஆனா ஒரே ஒரு மாசம் ஒரு ஃபண்டோட ரேஷியோவை 0.20 நகத்திடுச்சு, நாம பெருசா பேசிக்கிட்டிருந்த இடைவெளியோ 0.10 தான். ஒரு மாசத்தை எடுத்தா ஆடிப்போற இடைவெளியை வச்சு முடிவெடுக்க முடியாது.

எவ்ளோ தடுமாற்றம் சகஜம்னு தெரிஞ்சுக்க ஒரு கைக்கணக்கு இருக்கு: மாச ரேஷியோல இருக்குற நிச்சயமின்மை, 1ஐ மாச எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்த அளவு. 12 மாசத்துக்கு 0.29, 36 மாசத்துக்கு 0.17, 60 மாசத்துக்கு 0.13. நம்ம ரெண்டு ஃபண்டும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்குறதால ஒப்பிடும்போது இந்தத் தடுமாற்றத்துல ஒரு பகுதி ரெண்டு பக்கமும் கழிஞ்சுடும், அதனால நிலைமை இந்த நம்பர் காட்டுற அளவுக்கு மோசம் இல்ல, இருந்தாலும் 12 மாசத்துல வந்த 0.10 இடைவெளியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஃபண்டை விக்கிறது சரியில்ல. குறைஞ்சது 36 மாசம் எடுங்க, முடிஞ்சா 60, அதுல மார்க்கெட் நல்லா விழுந்த ஒரு காலமும் இருக்கணும். ஏறிக்கிட்டே இருந்த மூணு வருஷத்தை மட்டும் எடுத்தா ஆட்டம் கம்மியாத் தெரியும், விழும்போது அந்த ஃபண்ட் என்ன பண்ணும்னு அதுல இல்லவே இல்ல. காலத்தை ரெண்டு பாதியாப் பிரிச்சு ரெண்டு பாதியிலயும் ஒரே ஃபண்ட் மேல வருதான்னு பாக்குறதை நான் எப்பவும் பண்ணுவேன், அந்த ஒரு சோதனைலயே முக்கால்வாசி அவசர முடிவு நின்னுடும்.

ஒரே வகை ஃபண்டுகளைத் தான் ஒப்பிடணுங்கிறதையும் சொல்லிடுறேன். பங்குச்சந்தை ஃபண்டையும் கடன்பத்திர ஃபண்டையும் பக்கத்துல வச்சா கடன்பத்திரம் பல நேரம் அழகா ஜெயிக்கும். அதுல அபூர்வமா, ஆனா மொத்தமா வர்ற அடி இருக்கு, கடன் வாங்குன கம்பெனி திருப்பித் தரலன்னா ஒரே நாள்ல விலை இறங்கும், அது நடக்குற வரைக்கும் மாச ஆட்டத்துல அதோட வாசனையே வராது. அடிக்கடி கைமாறாத சொத்தை வச்சிருக்குற ஃபண்டுலயும் இதே மாதிரி தான், விலையை மதிப்பீடு பண்ணி போடுறதால வரைபடம் வழுவழுன்னு இருக்கும், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கம்மியா வரும், ரிஸ்க் கம்மின்னு அர்த்தம் இல்ல.

ரெண்டையும் கையில வச்சிருக்குறவங்களுக்கு இன்னும் ஒரு வரி

எது மேலன்னு பாத்தாச்சு. ஆனா நீங்க ரெண்டையுமே வச்சிருக்கீங்க, அப்போ சேர்ந்து எப்படி ஆடுதுங்கிறதும் தெரியணும்.

```
G3: =CORREL(D3:D14,E3:E14)
```

நம்ம ரெண்டுக்கும் 0.97 வருது. 1க்கு கிட்டப் போகப் போக ரெண்டும் ஒரே திசைல ஓடுதுன்னு அர்த்தம், ஆரம்பத்துல ரிட்டர்ன் வரிசையைப் பாத்தப்ப கண்ணுக்கே தெரிஞ்ச விஷயம் தான் இது. பாதி பாதி போட்டு மாசாமாசம் சமன்படுத்திக்கிட்டே இருந்திருந்தா சராசரி 1.25, ஆட்டம் 2.64 வந்திருக்கும். ரெண்டோட ஆட்டத்துக்கும் சாதாரண சராசரி எடுத்தாலே 2.66 தானே வருது, அப்போ ரெண்டு ஃபண்டா பிரிச்சு வச்சதுல ஆட்டம் 0.02 கூட குறையல. ரேஷியோ 0.28, தனியா நிதான ஃபண்டை வச்சிருந்தா கிடைச்ச 0.35ஐ விடக் கம்மி. இப்படி வந்தா, 36 மாசக் கணக்கும் இதையே சொன்னா, வேக ஃபண்டுக்குப் போற புதுப் பணத்தை நிதான ஃபண்டுக்கோ, கொஞ்சம் டெபாசிட்டுக்கோ திருப்புறதைப் பத்தி யோசிக்க காரணம் இருக்கு. விக்கிறதா இருந்தா வெளியேறும் கட்டணமும் வரியும் எவ்ளோன்னு முதல்ல பாருங்க, யூனிட் விலைல ஃபண்டோட நிர்வாகச் செலவு ஏற்கனவே கழிஞ்சிருக்கும், ஆனா இந்த ரெண்டும் கழிஞ்சிருக்காது.

அதே `CORREL` 0.3ன்னு வந்திருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். ரேஷியோல தோத்த ஃபண்டா இருந்தாலும், இன்னொண்ணு விழுற மாசத்துல அது விழாம நின்னா ரெண்டும் சேர்ந்த ஆட்டத்தை நல்லாவே குறைக்கும், சேர்த்து வச்ச ரேஷியோ தனித்தனி ரெண்டையும் விட மேல கூட போகலாம். அதனால விக்கிறதுக்கு முன்னாடி F நெடுவரிசைல `=(D3+E3)/2` போட்டு கீழ இழுத்து, பாதி பாதி கலவைக்கும் அதே மூணு வரியை ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க.